விற்றது மார்ச்சில், பணம் ஏப்ரலில்

வருமான வரி தாக்கல் சீசனில் என்னிடம் வரும் பேப்பர்களில் மியூச்சுவல் ஃபண்டை விற்றவர்களின் பேப்பர் தனியாகத் தெரியும். ஓரத்தில் பேனாவால் ஒரு கழித்தல் கணக்கு போட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். ஆப்பில் காட்டிய தொகை ஒன்று, பேங்கில் விழுந்தது இன்னொன்று, லாபம் என்று ஸ்டேட்மெண்ட் சொல்வது மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவும் எதோடும் ஒட்டாது. அதற்கு மேல் தேதி வேறு. விற்ற தேதிக்கும் வரவு வந்த தேதிக்கும் நடுவில் சில நாள் ஓடியிருக்கும், அந்தச் சில நாளுக்குள் ஒரு நிதியாண்டே முடிந்து போயிருக்கும்.

என் தாய்மாமா விற்ற கதையை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு ரிடெம்ப்ஷன்தான், ஆனால் அதில் கேட்கவேண்டிய எல்லாக் கேள்வியும் இருந்தது. ஃபண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்கிய விலை, விற்ற விலை எல்லாவற்றையும் கணக்குப் போட வசதியாக முழு எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறேன். தேதிகள் அப்படியே.

மாமாவிடம் இருந்தது ஒரு ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட், ஈக்விட்டி வகை. மூன்று தடவையாக, தடவைக்கு ஒரு லட்சம் போட்டிருந்தார். முதல் லட்சம் 2022 ஜூன் 13 அன்று, ஒரு யூனிட்டின் விலை, அதாவது என்ஏவி, 40 ரூபாயாக இருந்தபோது. இரண்டாவது 2024 மே 10 அன்று, 62.50க்கு. மூன்றாவது 2024 ஆகஸ்ட் 20 அன்று, மார்க்கெட் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தபோது, 70க்கு. ஒவ்வொரு லட்சத்திலும் 5 ரூபாய் முத்திரைத் தீர்வையாகப் போய்விடும். 2020 ஜூலையிலிருந்து ஃபண்ட் வாங்கும்போது 0.005 சதவீதம் பிடிக்கிறார்கள். அதனால் யூனிட் வாங்கப் போனது 99,995 ரூபாய்தான். முதல் தடவை 2,499.875 யூனிட், இரண்டாம் தடவை 1,599.920, மூன்றாம் தடவை 1,428.500.

2025 மார்ச் கடைசியில் மாடியில் கான்கிரீட் போட அவருக்குப் பணம் தேவைப்பட்டது. 4,000 யூனிட்டை விற்பதாக முடிவு செய்தார். வியாழக்கிழமை ராத்திரி ஃபோனில், “நாளைக்குச் சாயங்காலமா உக்காந்து போட்டுக்கறேன் மாப்ள” என்றார்.

“சாயங்காலம் வேண்டாம் மாமா, மதியம் சாப்பிடறதுக்கு முந்தியே போட்டுடுங்க” என்றேன்.

“ஒரு நாள்ல என்னடா ஆயிரப் போகுது?”

சாதாரண வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈக்விட்டி ஃபண்டை விற்கும் கோரிக்கை வேலைநாளில் மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர்ந்தால் அன்றைய என்ஏவி, தாண்டினால் அடுத்த வேலைநாளின் என்ஏவி. ஆப் வழியாகப் போட்டால் அந்த ஆப் வைத்திருக்கும் கெடு இன்னும் முன்னாலேயே முடியும், ஏனென்றால் அவர்கள் கோரிக்கைகளைத் திரட்டி 3 மணிக்குள் மேலே அனுப்ப வேண்டும். மாமாவின் ஆப்பில் அது 2 மணி. எப்போதும் இதனால் வருகிற வித்தியாசம் ஒரு நாள் ஏற்ற இறக்கம் மட்டும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை 2025 மார்ச் 28. அடுத்து சனி, ஞாயிறு. திங்கள் 31ஆம் தேதி ரம்ஜான், பங்குச் சந்தைக்கு விடுமுறை. ஆக 2024-25 நிதியாண்டின் கடைசிச் சந்தை நாள் அந்த வெள்ளிதான். கெடு தாண்டிப் போட்டால் விலை ஏப்ரல் மாத விலையாகிவிடும், விற்பனையும் அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும். நீண்டகால லாபத்தில் வருடத்துக்கு 1,25,000 ரூபாய் வரை வரி கிடையாது. அந்த ஒதுக்கீட்டை மாமா அந்த வருடம் தொடவே இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு வேறு ஒரு ஃபண்டையும் விற்கிற யோசனை அவருக்கு இருந்தது. அப்படியானால் இந்த விற்பனையை இந்த வருடக் கணக்கில் எழுதிவிட்டு, அடுத்த வருட ஒதுக்கீட்டை முழுசாக மிச்சம் வைப்பதுதான் புத்திசாலித்தனம். மதியம் ஒன்றரைக்குப் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில்தான் முதல் தொகை இருந்தது: தோராய மதிப்பு ரூ. 2,65,200.

ஆப் அந்த நேரத்துக்கு வேறு எதையும் காட்ட முடியாது. அன்றைய என்ஏவி சந்தை மூடி, ஃபண்டு நிறுவனம் தன் கையிலுள்ள எல்லாப் பங்குகளின் முடிவு விலையையும் கூட்டிக் கழித்து, ராத்திரிதான் வெளியிடும். அதுவரை கையில் இருப்பது முந்தைய நாள் விலை, 66.30. அதை 4,000ஆல் பெருக்கிக் காட்டியது. அன்று சந்தை கொஞ்சம் இறங்கியது, ராத்திரி வந்த என்ஏவி 66.00. 1,200 ரூபாய் அங்கேயே குறைந்துவிட்டது. இதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. விற்கிறவர் பட்டனை அழுத்தும்போது விலை தெரியாமல்தான் அழுத்துகிறார். பங்கை விற்பதற்கும் ஃபண்டை விற்பதற்கும் இருக்கும் இந்த வேறுபாடு பலருக்கு ரூபாய் குறைந்த பிறகுதான் உறைக்கிறது.

சனிக்கிழமை மெயிலில் ஸ்டேட்மெண்ட் வந்தது. மாமா போட்டது ஒரே கோரிக்கை, ஸ்டேட்மெண்டில் இரண்டு வரி. முதல் வரியில் 2,499.875 யூனிட், விலை 66.00. இரண்டாம் வரியில் 1,500.125 யூனிட், விலை 65.34.

“ஒரே நாள்ல ஒரே ஃபண்டுக்கு ரெண்டு வெல எப்படிடா?” என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான்.

ஃபண்டில் எந்த யூனிட்டை விற்கிறோம் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் வாங்கியது முதலில் போகும். அரிசிக் கடையில் பழைய மூட்டையைத் தீர்த்துவிட்டுத்தான் புது மூட்டையைப் பிரிப்பார்கள் அல்லவா, அதே கணக்கு. ஆக 4,000 யூனிட்டில் முதலில் 2022 ஜூன் மூட்டை முழுதும் காலியானது, 2,499.875. மீதி 1,500.125 யூனிட் 2024 மே மூட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகஸ்டில் 70க்கு வாங்கியது நஷ்டத்தில் கிடந்தது. அதை விற்று நஷ்டத்தைக் காட்டலாமே என்று தோன்றும், ஆனால் ஃபண்டில் மாமாவின் கணக்கான அந்த ஃபோலியோவில் மே மாத யூனிட் ஒன்று மிச்சம் இருக்கும்வரை ஆகஸ்டைத் தொட வழியில்லை.

சீக்கிரம் வெளியேறுகிறவரிடம் பிடிக்கும் தொகைக்கு எக்ஸிட் லோடு என்று பெயர், இந்த ஃபண்டில் அதன் விதி எளிது: வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால் 1 சதவீதம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஃபண்டுகளில் முதல் 10 சதவீத யூனிட்டுக்கு லோடு கிடையாது என்று ஒரு சலுகை இருக்கும், இதில் இல்லை. ஜூன் 2022 யூனிட் எப்போதோ ஒரு வருடம் தாண்டிவிட்டது, அதற்கு முழு விலை 66. மே மாத யூனிட் 322 நாள்தான் கையில் இருந்தது. அதற்கு 66இல் 1 சதவீதம், அதாவது 66 பைசா கழித்து 65.34. லோடு என்று தனியாக ஒரு வரி வரும் என்று மாமா தேடிக்கொண்டிருந்தார். இந்த ஸ்டேட்மெண்டில் அது விலைக்குள்ளேயே கரைந்திருந்தது. யூனிட்டை விலையால் பெருக்கிப் பார்த்தால் முதல் வரி 1,64,991.75 ரூபாய், இரண்டாம் வரி 98,018.17. இரண்டையும் கூட்டினால் 2,63,009.92. லோடு இல்லாவிட்டால் வந்திருக்க வேண்டியது 4,000 தடவை 66, அதாவது 2,64,000. நடுவில் போனது 990 ரூபாய் 8 பைசா.

இந்த 990 ரூபாய் ஃபண்டு நிறுவனத்தின் பாக்கெட்டுக்குப் போகவில்லை. 2012இல் செபி மாற்றிய பிறகு எக்ஸிட் லோடு அந்தத் திட்டத்துக்கே திரும்ப வரவு வைக்கப்படுகிறது. அவசரமாக வெளியேறுகிறவர் உள்ளே இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற தொகை அது. மாமாவின் மிச்ச யூனிட்டுகளும் அதில் கடுகளவு பங்கு வாங்கியிருக்கும். இதைச் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

ஸ்டேட்மெண்டில் இன்னொரு சின்னக் கழிவும் உண்டு, எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி. ஈக்விட்டி ஃபண்டை ஃபண்டிடமே திரும்ப விற்கும்போது 0.001 சதவீதம். முதல் வரியில் 1 ரூபாய் 65 பைசா, இரண்டாவதில் 98 பைசா, மொத்தம் 2.63. கழித்தால் கைக்கு வரவேண்டியது 2,63,007.29.

இப்போது ஆப் காட்டிய 2,65,200இலிருந்து இதைக் கழித்தால் 2,192.71 குறைகிறது. மாமா பேப்பர் ஓரத்தில் எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தது இந்த எண்ணுக்குத்தான். “ரெண்டாயிரத்துச் சொச்சம் எங்க போச்சு மாப்ள, கமிஷனா?” கமிஷன் ஒரு பைசா இல்லை. 1,200 விலை இறங்கியது, 990.08 லோடு, 2.63 எஸ்டிடி. கூட்டிப் பாருங்கள், பைசா சுத்தமாக 2,192.71 வரும். எந்த ரிடெம்ப்ஷனையும் இந்த வரிசையில் பிரித்தால் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் லோடு எத்தனை யூனிட்டுக்குப் பிடித்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். எஸ்ஐபி போட்டவர்களுக்கு அங்கேதான் பிசகும். மூன்று வருடமாக எஸ்ஐபி ஓடுகிறது, எனக்கு லோடு வராது என்று நினைப்பார்கள். ஒவ்வொரு மாதத் தவணையும் தனி வாங்கல், ஒவ்வொன்றுக்கும் தனி ஒரு வருடம். மொத்தத்தையும் விற்றால் கடைசிப் பன்னிரண்டு தவணையில் லோடு உட்கார்ந்திருக்கும்.

ஸ்டேட்மெண்ட் கையில் இருக்கிறது, யூனிட் போய்விட்டது, பேங்கில் பணம் இல்லை. மாமாவுக்குத் தூக்கம் போனது இந்த இடைவெளியில்தான். கொத்தனாரிடம் திங்கட்கிழமை அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டார்.

ஈக்விட்டி ஃபண்டுகள் 2023 பிப்ரவரியிலிருந்து விற்ற நாள் போக இரண்டாவது வேலைநாளில் பணம் அனுப்புகின்றன. செபி விதித்திருக்கும் எல்லை மூன்று வேலைநாள். திங்கட்கிழமை விற்றால் புதன்கிழமை பணம், அதுதான் நம் மனசில் இருக்கும் கணக்கு. மாமாவின் விஷயத்தில் சனி, ஞாயிறு போச்சு. திங்கள் ரம்ஜான். செவ்வாய் ஏப்ரல் 1, சந்தை நடந்தது, ஆனால் பேங்குகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். வேலைநாள் என்பதற்கு ஃபண்டுகளின் திட்ட ஆவணத்தில் கொடுக்கும் விளக்கத்தில் பேங்க் மூடியிருக்கும் நாளும் விலக்கு. ஆக முதல் வேலைநாள் புதன் ஏப்ரல் 2, இரண்டாவது வியாழன் ஏப்ரல் 3. வியாழக்கிழமைதான் பணம் விழுந்தது. நெஃப்ட் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறதே என்று கேட்பார்கள். குழாய் திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஃபண்டு தன் கையிலிருந்த பங்குகளை விற்ற பணம் அதன் கணக்குக்கு வந்து, அங்கிருந்து பட்டியல் போட்டு அனுப்புவது வேலைநாளில் நடக்கிற வேலை.

வரவு வந்ததும் பாஸ்புக்கில் பார்க்கவேண்டியது இரண்டே விஷயம், தொகையும், அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாளமான யுடிஆர் எண்ணும். வரவுக் குறிப்பில் ஃபண்டு நிறுவனத்தின் பெயரோ, எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போனால் கிளியரிங் கார்ப்பரேஷன் பெயரோ இருக்கும். திட்டத்தின் பெயர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரே நாளில் இரண்டு திட்டத்தை விற்றவர்கள் எந்த வரவு எதற்கு என்று தொகையை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டியிருக்கும். அதனால்தான் யூனிட் தடவை விலை, கழித்தல் எஸ்டிடி என்று பைசா வரை ஒரு தடவை நாமே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. மாமா பாஸ்புக்கில் 2,63,007.29 இருந்தது. கேள்விக்குறியை அடித்துவிட்டார்.

வராமலே போனால்? இரண்டாம் வேலைநாள் ராத்திரி வரை விட்டுவிடலாம். மூன்றாம் வேலைநாளும் தாண்டிவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது ஃபோலியோவில் பதிவாகியிருக்கும் பேங்க் விவரம். விற்கும் ஆப்பில் எந்த பேங்க்கை வைத்திருக்கிறீர்கள் என்பது வேறு, ஃபோலியோவில் எது இருக்கிறது என்பது வேறு. பணம் ஃபோலியோவில் இருக்கும் கணக்குக்குத்தான் போகும். பேங்க் இணைப்புகளுக்குப் பிறகு பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணோடு கிடக்கும் ஃபோலியோக்கள் நம் பக்கம் நிறைய. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பேங்க் 2020இல் டிபிஎஸ்ஸோடு சேர்ந்த பிறகு அதில் கணக்கு வைத்திருந்தவர்களின் ஐஎஃப்எஸ்சி மாறியது. பத்து வருடத்துக்கு முன் அந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வரவு பேங்க்கில் ஏறாமல் ஃபண்டுக்கே திரும்பிவிடும். ஸ்டேட்டஸில் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று இருக்கும், நம் கணக்கில் இருக்காது. யுடிஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, அதை வைத்து நம் பேங்க்கில் விசாரித்தால் ஏறியதா திரும்பியதா என்று சொல்லிவிடுவார்கள்.

ஃபண்டு தரப்பில் தாமதம் என்றால் வருடத்துக்கு 15 சதவீத வட்டி தரவேண்டும் என்பது விதி. மாமாவின் தொகைக்கு அது நாளொன்றுக்கு 108 ரூபாய். ஆனால் நாம் கொடுத்த பேங்க் விவரம் தவறாக இருந்து திரும்பியதற்கு இதைக் கேட்டுப் பயனில்லை.

பணம் வந்தாயிற்று, கான்கிரீட்டும் போட்டாயிற்று. ஜூலையில் மாமா ரிட்டர்ன் போட வந்தார். 2025 மார்ச் 31 வரைக்குமான பேங்க் ஸ்டேட்மெண்டைக் கொண்டுவந்திருந்தார். “இந்த வருஷத்துல ஃபண்டு பணம் ஒண்ணும் வரல பாரு. ஏப்ரல்ல தான வந்துச்சு, அடுத்த வருஷம் காட்டிக்கலாம்” என்றார்.

இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள், பார்த்தால் நியாயமாகவும் தெரியும். ஆனால் மூலதன லாபத்துக்குப் பணம் கைக்கு வந்த நாள் கணக்கில்லை, யூனிட் கைமாறிய நாள்தான் கணக்கு. யூனிட் போனது மார்ச் 28ஆம் தேதி விலைக்கு. ஃபண்டின் பதிவாளர் நிறுவனம் வருமான வரித் துறைக்கு அனுப்பிய தகவலிலும் அதே தேதிதான். துறைக்குப் போன தகவல்களையெல்லாம் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையை மாமாவுக்குத் திறந்து காட்டினேன். 2024-25க்கான பக்கத்தில் யூனிட் விற்பனை பளிச்சென்று இருந்தது. பேங்க் ஸ்டேட்மெண்டை மட்டும் பார்த்து ரிட்டர்ன் போட்டிருந்தால் துறையிடம் இருக்கும் விற்பனை ரிட்டர்னில் இருக்காது, அதற்கு ஒரு நோட்டீஸ் வரும். அடுத்த வருடம் காட்டினால் அங்கே துறையிடம் இல்லாத விற்பனை ஒன்று இருக்கும்.

லாபம் எவ்வளவு? முதல் வரி: 1,64,991.75இல் அடக்கம் 99,995 போக 64,996.75. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகாலம். 2024 ஜூலை 23 முதல் விற்றதற்கு வரி 12.5 சதவீதம், ஆனால் 1,25,000 வரை வரி இல்லை. ஆக இதற்கு வரி பூஜ்யம். இரண்டாம் வரி: யூனிட்டுக்கு 62.50 கொடுத்து வாங்கி 65.34க்கு விற்றது, 1,500.125 யூனிட்டுக்கு லாபம் 4,260.36. குறுகியகாலம், 20 சதவீதம். மாமாவின் சம்பளமே வரி கட்டும் அளவில் இருப்பதால் இதில் கழிக்க வேறு வழியில்லை. மேல்வரி 4 சதவீதமும் சேர்த்து 886 ரூபாய்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எக்ஸிட் லோடு விலையிலேயே கழிந்து வருவதால் லாபத்தையும் குறைக்கிறது. எஸ்டிடியை அப்படிக் கழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் விற்ற தொகை என்று ரிட்டர்னில் எழுதவேண்டியது 2,63,009.92, பேங்கில் வந்த 2,63,007.29 இல்லை. 2 ரூபாய் 63 பைசாவுக்கு இவ்வளவு பேச்சா என்றால், பேங்க் வரவை விற்பனைத் தொகையாக எழுதும் பழக்கம் உள்ளவர்கள் பெரிய தொகையிலும் அதையே செய்வார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாமாவை உண்மையில் கடுப்பேற்றியது 886 ரூபாய் வரி இல்லை, ஃபாரம்தான். 2024-25 வருமானத்துக்கான ரிட்டர்னிலிருந்து, நீண்டகால ஈக்விட்டி லாபம் 1,25,000க்குள் இருந்தால் எளிய ஐடிஆர்-1இலேயே காட்டிவிடலாம் என்று புதுச் சலுகை வந்திருந்தது. மாமாவின் 64,996.75 அதில் அழகாக அடங்கியிருக்கும். ஆனால் குறுகியகால லாபம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-1 கிடையாது, ஐடிஆர்-2 போட வேண்டும். 4,260 ரூபாய் லாபம் அவரை நீண்ட ஃபாரத்துக்குத் தள்ளிவிட்டது. அந்த ஃபாரத்தில் லாபம் வருடத்தின் எந்தப் பகுதியில் வந்தது என்று பிரித்துக் கேட்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் கடைசிக் கட்டம் மார்ச் 16 முதல் 31 வரை. மாமாவின் 4,260 அங்கே போய் உட்கார்ந்தது. பணம் வந்த ஏப்ரல் 3க்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

அந்தக் கட்டத்தைப் பெரிய தொகைக்காரர்கள்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். டிடிஎஸ் போக வருட வரி 10,000 ரூபாய்க்குக் குறையாமல் வந்தால் முன்கூட்டிய வரி கட்ட வேண்டும். மார்ச் 15 தவணைக்குப் பிறகு வந்த மூலதன லாபத்துக்கான வரியை மார்ச் 31க்குள் கட்டிவிட்டால் தவணை தவறியதற்கான வட்டி வராது. நம் ஊரில் வசிப்பவர்களுக்கு ஃபண்டு விற்பனை லாபத்தில் டிடிஎஸ் பிடிப்பதில்லை, அதனால் இது முழுக்க நம் பொறுப்பு. மாமாவைப் போல மார்ச் 28ஆம் தேதி விற்று இருபது லட்சம் லாபம் பார்த்த ஒருவர் 31ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும். விற்ற பணம் அவர் கைக்கு வருவதோ ஏப்ரல் 3. வரிக்கான பணத்தை வேறு எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் விற்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வரிக்குக் கையில் பணம் இருக்கிறதா?

4,000 யூனிட்டே வேண்டுமா என்று விற்பதற்கு முந்தின ராத்திரி மாமாவைக் கேட்டேன். 2,499.875 யூனிட்டோடு நிறுத்தியிருந்தால் 1,64,990 ரூபாய் வந்திருக்கும். லோடு இல்லை, குறுகியகால லாபம் இல்லை, ஐடிஆர்-1 போதும். மீதி 98,000த்தை மே மாத நடுவில், இரண்டாவது லட்சம் ஒரு வருடம் தாண்டிய பிறகு எடுத்திருக்கலாம். லோடு 990, வரி 886, இரண்டும் சேர்த்து 1,876 ரூபாய் மிஞ்சியிருக்கும், விலை அதே இடத்தில் நின்றிருந்தால். “கான்கிரீட்டு மே மாசம் வரைக்கும் நிக்குமாடா? சிமெண்டும் கம்பியும் எறங்கிக் கெடக்குது” என்றார். ஒன்றரை மாதத்துக்கு ஒரு லட்சத்தை வெளியில் வட்டிக்கு வாங்கியிருந்தால் வட்டியே அதற்கு மேல் போயிருக்கும். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அவசரம் இல்லாதவர்கள் யூனிட் எண்ணிக்கையைப் போடுவதற்கு முன், எத்தனை யூனிட் ஒரு வருடம் தாண்டியிருக்கிறது என்று ஃபோலியோவில் பார்த்துக்கொள்ளலாம். லோடு இல்லாத யூனிட் எத்தனை என்று ஆப்பிலேயே பலவற்றில் காட்டுகிறார்கள். சிறிய எழுத்தில், கீழே.

மாமாவின் ஃபோலியோவில் மே மாத வாங்கலில் இப்போது 99.795 யூனிட் மிச்சம், பிறகு ஆகஸ்டு வாங்கல் முழுசாக. அடுத்த தடவை எவ்வளவு விற்றாலும் கணக்கு அந்த 99.795இல்தான் தொடங்கும். ஆகஸ்டு யூனிட்டுக்கு லோடு 2025 ஆகஸ்டு 20 வரை. மாடியில் கைப்பிடிச் சுவர் பாக்கியிருக்கிறது, செப்டம்பரில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.